"என் போனில் வரவில்லையே" என்று திரும்பி வராத பக் ரிப்போர்ட்டை எழுதுவது எப்படி

டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருந்தபோது நான் எழுதிய ஒரு பக் ரிப்போர்ட் மொத்தமே இரண்டு வரி: "போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் எழுதியதெல்லாம் போய்விடுகிறது. உடனே பாருங்கள்." மறுநாள் காலையில் டிக்கெட்டை மூடிவிட்டிருந்தார்கள். டெவலப்பரின் பதிலும் சுருக்கம்தான்: "என் போனில் வரவில்லையே."

எனக்குக் கோபம். என் கண்ணெதிரே நடப்பது எப்படி இல்லாமல் போகும்? ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் போனில் நிஜமாகவே அது வரவில்லை. அவர் முன்னால் வரவைக்க வேண்டியது என் வேலை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அதே பிழையை மறுபடி எடுத்து, டெவலப்பரால் மறுக்க முடியாத ரிப்போர்ட்டாக எழுதி முடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளில் செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து, தங்கள் கையில் இருக்கும் பிழைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

செயலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது ஆண்ட்ராய்டில் ஓடும் ஓர் ஆய்வுப் படிவம். களத்துக்குப் போகும் பணியாளர் முதல் திரையில் ஒரு தளத்தின் எண்ணைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த திரையில் படிவம் திறக்கும். அதில் சேதமா, பராமரிப்பா என்று வகையைத் தேர்ந்தெடுத்து, விவரத்தை எழுதி, ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். போட்டோ பொத்தானை அழுத்தினால் போனின் கேமரா செயலி திறக்கும். எடுத்து முடித்ததும் மறுபடி படிவத்துக்கே வந்துவிடும். அப்படித் திரும்பி வரும்போதுதான், சில நேரம், படிவம் காலியாக இருந்தது.

"சில நேரம்" என்பதுதான் இங்கே சிக்கல்.

முதலில் எண்ணுங்கள்

பிழையைப் பார்த்த கையோடு ரிப்போர்ட் எழுத உட்காராதீர்கள். அதே காரியத்தைப் பத்து முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் செயலியை முழுதாக மூடி, ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் அப்படிச் செய்தபோது 10க்கு 6 முறை விவரம் காணாமல் போனது. இந்த எண்ணை ரிப்போர்ட்டில் அப்படியே எழுதுங்கள். "அடிக்கடி வருகிறது" என்று எழுதினால் டெவலப்பர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடுவார். "10க்கு 6" என்று எழுதியிருந்தால், இரண்டு முறை வராமல் போனாலும் மூன்றாவது முறை முயல்வார். திருத்திய பிறகு எத்தனை முறை ஓட்டிப் பார்த்தால் போதும் என்பதும் அவருக்கு இதிலிருந்தே தெரியும்.

எண்ணும்போதே கண்ணைத் திறந்து வைத்திருங்கள். "எழுதியதெல்லாம் போய்விடுகிறது" என்று முதலில் எழுதினேன் இல்லையா, அது தவறு. நிதானமாகப் பார்த்தபோது எல்லாம் போகவில்லை. விவரம் போனது, தேர்ந்தெடுத்த வகை போனது, எடுத்த போட்டோவும் இல்லை. ஆனால் மேலே இருந்த தளத்தின் எண் மட்டும் ஆறு முறையும் அப்படியே இருந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. டெவலப்பருக்கோ அந்த ஒரு வரிதான் பாதி விடை. அதைப் பின்னால் சொல்கிறேன். எது போகிறது என்று எழுதும்போது, எது போகாமல் நிற்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அடுத்த வேலை படிகளைக் குறைப்பது. முழு வேலையிலும் அதிக நேரம் எடுப்பது இதுதான். பலர் இதைச் செய்வதே இல்லை.

நான் தமிழில்தான் விவரம் எழுதியிருந்தேன். அதனால் தமிழ் விசைப்பலகையில்தான் கோளாறு என்று முதல் சந்தேகம். விவரத்தில் வெறும் "123" என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் போனது. சரி, மொழி காரணமில்லை. இணையத்தை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் போனது. எனவே சர்வருக்கும் இதற்கும் தொடர்பில்லை. வகையைத் தேர்ந்தெடுக்காமல் விவரம் மட்டும் எழுதிப் பார்த்தேன். போனது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், பிழைக்குத் தேவையில்லாத படிகள் தானாக உதிர்ந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அவசரத்தில் நான் அப்படியும் செய்து, அரை மணி நேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

எங்கள் குழுவில் அனுபவமுள்ள ஒரு டெஸ்டர் அக்கா இருந்தார். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "போட்டோ எடுக்காமலே கேமராவைத் திறந்துட்டுத் திரும்பி வந்து பாரேன்" என்றார். போட்டோ எடுக்கவில்லை. பின்செல்லும் பொத்தானை மட்டும் அழுத்தினேன். விவரம் காணோம். ஆக, போட்டோவுக்கும் பிழைக்கும் சம்பந்தமில்லை. என் முதல் ரிப்போர்ட்டின் முதல் வரியே டெவலப்பரைத் தவறான இடத்துக்கு அனுப்பியிருக்கிறது. அவர் போட்டோவைச் சேமிக்கும் நிரலைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பிழை வராத பாதைகளையும் குறித்துவைத்தேன். கேமராவுக்குப் பதில் கேலரியிலிருந்து படத்தை எடுத்தால் 10க்கு 0. போனைப் பக்கவாட்டில் திருப்பித் திரை சுழன்றால் விவரம் அப்படியே நின்றது, 10க்கு 0. அலுவலகத்தில் இருந்த இன்னொரு போனில் கேமரா வழியாகப் போனாலும் 10க்கு 0. அந்தப் போனில் 8 ஜிபி ராம். பிழை வரும் போனில் 3 ஜிபி. டெவலப்பரின் கையில் இருந்ததும் 8 ஜிபி போன்தான்.

இங்கே வந்ததும் அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது. கேமரா நிறைய நினைவகம் கேட்கும் செயலி. ராம் குறைவான போனில் அது திறக்கும்போது, பின்னால் காத்திருக்கும் நம் செயலியை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். பயனர் திரும்பி வந்ததும் அதே திரையை மறுபடி கட்டி எழுப்பும். நம் செயலி எதை முறையாக எழுதிவைத்துவிட்டுப் போனதோ அது மட்டும் திரும்பக் கிடைக்கும். வெறும் நினைவகத்தில் வைத்திருந்தது போய்விடும்.

இது நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஓடும் ஒவ்வொரு செயலிக்கும் ஆண்ட்ராய்டு ஓர் எண் கொடுத்திருக்கும். போனைக் கணினியில் இணைத்து, கேமராவுக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பி வந்தபின் ஒருமுறை இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
adb shell pidof com.example.survey
```

`adb` என்பது கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. அது வேலை செய்ய, பின்னால் சொல்லும் `Developer options` பட்டியலில் `USB debugging` இயங்கியிருக்க வேண்டும். `com.example.survey` இருக்கும் இடத்தில் உங்கள் செயலியின் தொகுப்புப் பெயரை எழுத வேண்டும். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் செயலி உயிரோடு இருந்தது என்று பொருள். எண் மாறியிருந்தால் இடையில் அது நிறுத்தப்பட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. என் சோதனையில், விவரம் காணாமல் போன முறைகளில் எண் மாறியிருந்தது. விவரம் நின்ற முறைகளில் மாறவில்லை. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பத்துக்குப் பத்து வரவைப்பது

10க்கு 6 என்பது நல்ல தகவல்தான். ஆனால் 8 ஜிபி போன் வைத்திருக்கும் டெவலப்பருக்கு அது 10க்கு 0. அவர் கையில் உறுதியாக வரவைக்கும் வழி ஒன்று தேவை.

ஆண்ட்ராய்டில் டெவலப்பர்களுக்கான அமைப்புகள் மறைந்திருக்கும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய் `Build number` என்ற வரியை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். சில போன்களில் அந்த வரி இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும். அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் `Don't keep activities` என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால், ஒரு திரையை விட்டு வெளியேறிய உடனே ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துவிடும். திரும்பி வரும்போது புதிதாகக் கட்டும். ராம் எவ்வளவு இருந்தாலும் இது நடக்கும்.

அதை இயக்கிவிட்டு 8 ஜிபி போனில் முயன்றேன். 10க்கு 10. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: கேமராவே தேவையில்லை. படிவத்தில் எழுதிவிட்டு முகப்புப் பொத்தானை அழுத்தி, உடனே செயலிக்குத் திரும்பினாலே விவரம் போய்விடுகிறது. களத்தில் பணியாளருக்கு ஓர் அழைப்பு வந்து, பேசி முடித்துவிட்டுத் திரும்பும்போதும் இதே நிலை வரலாம். "போட்டோ எடுத்தால் போகிறது" என்று தொடங்கிய பிழை, "வேறு செயலிக்குப் போய்விட்டு வந்தால் போகலாம்" என்பதாக மாறிவிட்டது. பிழை பெரிதாகிவிட்டது, படிகளோ குறைந்துவிட்டன.

இந்த அமைப்பை மட்டும் எழுதி அனுப்பினால் டெவலப்பர் ஒரு கேள்வி கேட்பார், நியாயமான கேள்விதான்: "இதை எந்தப் பயனர் போனில் இயக்கி வைத்திருக்கிறார்?" ஆகவே இரண்டு வழியையும் எழுதுங்கள். ஒன்று பயனருக்கு இயல்பாக நடப்பது, 10க்கு 6. மற்றொன்று டெவலப்பர் வரவைத்துப் பார்ப்பதற்கு, 10க்கு 10. முதல் வழி இருந்தால்தான் பிழையை யாரும் ஒதுக்க மாட்டார்கள். இரண்டாவது வழி இருந்தால்தான் அதைத் திருத்த முடியும்.

இயல்பான நிலைக்கு இன்னும் நெருக்கமாக வேண்டும் என்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. படிவத்தில் எழுதிவிட்டு முகப்புக்குப் போங்கள். பிறகு கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அண்மையில் திறந்த செயலிகளின் பட்டியல் வழியாகத் திரும்புங்கள்:

```
adb shell am kill com.example.survey
```

இது பின்னணியில் இருக்கும் செயலியை மட்டும்தான் நிறுத்தும். அதனால் முகப்புக்குப் போகாமல் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. செட்டிங்ஸில் இருக்கும் `Force stop` இதற்கு ஈடாகாது. அதை அழுத்தினால் செயலி முதல் திரையிலிருந்தே புதிதாகத் தொடங்கும், எழுதியது போவது அங்கே இயல்பு. அதை வைத்து ரிப்போர்ட் எழுதினால் டிக்கெட் மறுபடி மூடப்படும்.

சோதனை முடிந்ததும் `Don't keep activities` அமைப்பை அணைக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். மறுநாள் வேறொரு செயலியில், திரைகள் தாமாகத் தொடக்கத்துக்குப் போகின்றன என்று இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு நானே போய் அசடு வழியத் திரும்பப் பெற்றேன்.

சாதன விவரம்

போனின் விற்பனைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே பெயரில் 3 ஜிபி, 4 ஜிபி, 6 ஜிபி என்று பல வகை விற்கும். நம் பிழையில் ராம்தான் கதையே. நினைவிலிருந்து எழுதாமல் போனையே கேட்டுவிடுவது நல்லது:

```
adb shell getprop ro.product.model
adb shell getprop ro.build.version.release
adb shell getprop ro.build.display.id
adb shell "dumpsys package com.example.survey | grep version"
```

முதல் வரி மாடலைத் தரும். இரண்டாவது ஆண்ட்ராய்டு பதிப்பு, மூன்றாவது போனில் நிறுவியிருக்கும் கட்டமைப்பின், அதாவது பில்டின், எண். கடைசி வரியில்தான் நம் செயலியின் பதிப்பு, `versionName`, `versionCode` என்று இரண்டாக வரும். இரண்டையும் எழுதுங்கள். சோதனைக்கு வரும் கட்டமைப்புகளில் முதல் பெயர் மாறாமல் இரண்டாவது எண் மட்டும் கூடிக்கொண்டே போவது உண்டு. அந்த வரியில் உள்ள மேற்கோள் குறிகளையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் `grep` உங்கள் கணினியில் ஓடப் பார்க்கும், விண்டோஸில் அது இருக்காது.

மற்றபடி எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. பேட்டரி எத்தனை சதவீதம், எந்த வைஃபை என்பதெல்லாம் இந்தப் பிழைக்கு வேண்டாம். இணையம் அணைந்திருந்தாலும் வருகிறது என்ற ஒரு வரி போதும். எழுத்துரு அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பதால் திரை சிதைகிறது என்ற பிழையாக இருந்தால், எழுத்துரு அளவுதான் முதலில் எழுத வேண்டிய விவரம். எதை மாற்றினால் பிழை மாறுகிறது என்று உங்கள் சோதனை காட்டுகிறதோ, அதை எழுதுங்கள். பிழை வராத போனின் விவரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வீடியோ

படிகளை எழுதாமல் வீடியோவை மட்டும் அனுப்பும் பழக்கம் புதியவர்களிடம் நிறைய உண்டு. வீடியோவில் தேட முடியாது. அதிலுள்ள எழுத்தை நகலெடுக்க முடியாது. ஆறு மாதம் கழித்து இதே பிழை திரும்பி வந்தால், யாரும் வீடியோ வீடியோவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். படிகளில் சொல்ல விட்டுப்போனதைக் காட்டத்தான் வீடியோ: எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எந்த இடத்தைத் தட்டினீர்கள், காலியான திரை எப்படி வந்தது.

ஆண்ட்ராய்டு 11 முதல் திரையைப் பதிவுசெய்யும் வசதி போனிலேயே இருக்கிறது. மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்களில் தேடுங்கள். தொடங்கும்போது, திரையில் தொடும் இடங்களைக் காட்டவா என்று கேட்கும். ஆம் என்று கொடுங்கள். விரல் பட்ட இடத்தில் ஒரு சிறு வட்டம் தெரியும். அது இல்லாத வீடியோவில், திரை தானாக மாறியதா நீங்கள் தட்டியதால் மாறியதா என்று பார்ப்பவருக்குப் புரியாது. கணினியிலிருந்தும் பதிவு செய்யலாம்:

```
adb shell screenrecord --time-limit 40 /sdcard/bug.mp4
adb pull /sdcard/bug.mp4
```

இது இங்கே கொடுத்த 40 நொடியில் நின்றுவிடும், ஒலியைப் பதிவு செய்யாது. பதிவின் நடுவில் போனைத் திருப்பினால் படம் வெட்டுப்படும். இந்த முறையில் தொடும் இடங்கள் தெரிய `Developer options` பட்டியலில் அதற்கான அமைப்பைத் தனியே இயக்க வேண்டும்.

முப்பது நொடிக்குள் முடித்துவிடப் பாருங்கள். முதலில் செயலியின் பதிப்பு எண் தெரியும் திரையை ஒரு நொடி காட்டினேன். பிறகு படிவத்தை நிரப்பி, கையை எடுத்து இரண்டு நொடி நிறுத்தினேன். பார்ப்பவர் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டுமே. கேமராவைத் திறந்து, திரும்பி, காலியான படிவத்தில் மறுபடி இரண்டு நொடி. ரிப்போர்ட்டில் "0:19 இல் படிவம் காலியாகத் திறக்கிறது" என்று நேரத்தையும் எழுதினேன். திரையின் மேலே கடிகாரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு லாக் வரிகளோடு நேரத்தை ஒப்பிட டெவலப்பருக்கு அது வேண்டும்.

தனிப்பட்ட விஷயங்கள் வீடியோவில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள். சோதனைக் கணக்கில் மட்டும் நுழையுங்கள். கேமராவைத் திறக்கும் பிழைகளில் இன்னொரு தொல்லை: கேமரா பார்ப்பதெல்லாம் பதிவாகும். என் முதல் வீடியோவில் எதிர்மேசைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு வெறும் சுவரைத்தான் காட்டுவேன்.

திரைப்பதிவும் நினைவகம் எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். ராம் சார்ந்த பிழையில் பதிவு ஓடும்போது பிழை கூடுதலாக வரலாம். நான் 10க்கு 6 என்று எண்ணியது பதிவு ஓடாதபோதுதான். அதையும் ஒரு வரியில் எழுதினேன். சில செயலிகள் பாதுகாப்புக்காகத் திரைப்பதிவைத் தடுத்திருக்கும், வீடியோவில் கறுப்புத் திரைதான் வரும். அப்போது வேறொரு போனால் வெளியிலிருந்து படம் எடுப்பதைத் தவிர வழியில்லை. அது அழகாக இருக்காது, பரவாயில்லை.

கடைசியில் எழுதிய ரிப்போர்ட்

தலைப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதினேன். படிகளைக் குறைத்து முடிக்கும்வரை பிழை என்ன என்றே நமக்குச் சரியாகத் தெரியாது. மாடல் பெயர்களை மட்டும் இங்கே நீக்கியிருக்கிறேன்.

> தலைப்பு: ஆய்வுப் படிவம்: வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது, பின்னணியில் நம் செயலி நிறுத்தப்பட்டிருந்தால், வகையும் விவரமும் போட்டோவும் காலியாகின்றன
>
> செயலி: 2.4.1 (241)
>
> வரும் போன்: ஆண்ட்ராய்டு 11, ராம் 3 ஜிபி. இயல்பாக 10க்கு 6.
>
> இயல்பாக வராத போன்: ஆண்ட்ராய்டு 14, ராம் 8 ஜிபி. 10க்கு 0. கீழே உள்ள உறுதியான வழியில் 10க்கு 10.
>
> உறுதியாக வரவைக்க:
> 1. `Developer options` பட்டியலில் `Don't keep activities` அமைப்பை இயக்கவும்.
> 2. செயலியைத் திறந்து சோதனைக் கணக்கில் நுழையவும்.
> 3. தளம் 1042 ஐத் தேர்ந்தெடுக்கவும். படிவம் திறக்கும்.
> 4. வகையில் "சேதம்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
> 5. விவரத்தில் "123" என்று எழுதவும்.
> 6. முகப்புப் பொத்தானை அழுத்தவும்.
> 7. அண்மைச் செயலிகளின் பட்டியல் வழியாகத் திரும்பவும்.
>
> இயல்பாக (3 ஜிபி போன்): படி 1 வேண்டாம். படி 6இல் முகப்புக்குப் பதில் போட்டோ பொத்தானை அழுத்தி, கேமராவில் சில நொடி இருந்துவிட்டு, படம் எடுத்தோ எடுக்காமலோ திரும்பவும்.
>
> நடக்க வேண்டியது: வகை "சேதம்", விவரம் "123" அப்படியே இருக்க வேண்டும். போட்டோ எடுத்திருந்தால் அதுவும் படிவத்தில் தெரிய வேண்டும்.
>
> நடப்பது: வகையும் விவரமும் காலி, எடுத்த போட்டோவும் இல்லை. தளம் எண் 1042 மட்டும் மாறாமல் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, செயலி முறிவு என்றும் காட்டவில்லை.
>
> வராத நிலைகள்: 8 ஜிபி போனிலும் 3 ஜிபி போனிலும், படி 1 இல்லாமல், திரையைச் சுழற்றினால் போகவில்லை. 3 ஜிபி போனில் கேலரியிலிருந்து படம் எடுத்தால் 10க்கு 0. மொழி, இணையம் இரண்டும் காரணமில்லை.
>
> கவனித்தது: 3 ஜிபி போனில் விவரம் போன முறைகளில் மட்டும், கேமராவுக்கு முன்னும் பின்னும் `pidof` தரும் எண் மாறியிருந்தது.
>
> வீடியோ: 28 நொடி, 3 ஜிபி போன், இயல்பான வழி. 0:19 இல் படிவம் காலியாகத் திறக்கிறது. எண்ணிக்கை எடுத்தபோது திரைப்பதிவு ஓடவில்லை.

என் ஊகத்தைப் படிகளுக்குள் எங்கும் கலக்கவில்லை என்பதைப் பாருங்கள். "நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கிறீர்கள்" என்று நான் எழுதவில்லை. `pidof` எண் மாறியது நான் கண்ட உண்மை. அதற்கு மேல் நிரலைப் பார்க்காமல் சொல்வது ஊகம். ஊகம் இருந்தால் "கவனித்தது" என்ற பகுதிக்குக் கீழே "என் சந்தேகம்" என்று தனியே எழுதலாம், தவறில்லை. படிகளுக்குள் கலந்துவிட்டால் டெவலப்பர் அதையும் உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு ரிப்போர்ட்டில் ஒரு பிழைதான். இதைச் சோதிக்கும்போது போட்டோ பொத்தானின் எழுத்து வெட்டுப்பட்டிருப்பதையும் பார்த்தேன். அதற்குத் தனி டிக்கெட். இரண்டையும் சேர்த்திருந்தால் எழுத்து வெட்டைச் சரிசெய்துவிட்டு, முடிந்தது என்று மூடியிருப்பார்கள்.

அனுப்பிய பிறகு

இந்த முறை டெவலப்பரிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "வந்துடுச்சு, பார்த்துட்டேன்." தளத்தின் எண் மட்டும் ஏன் நிற்கிறது என்று நேரில் விளக்கினார். அந்த எண் முந்தைய திரையிலிருந்து படிவத்துக்குக் கைமாறி வருவது. திரையை மறுபடி கட்டும்போது ஆண்ட்ராய்டே அதைத் திருப்பித் தந்துவிடும். மற்ற மூன்றையும் `ViewModel` என்ற இடத்தில் வைத்திருந்தார். திரை சுழன்றால் அது பிழைத்துக்கொள்ளும், செயலி நிறுத்தப்பட்டாலோ பின்னணியில் திரை அழிக்கப்பட்டாலோ போய்விடும். "சுழற்றினால் போகவில்லை, தள எண் போகவில்லை, இந்த ரெண்டையும் படிச்ச உடனே எந்தக் கோப்புன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். நான் முக்கியம் என்று நினைக்காமல் எழுதிய இரண்டு வரிகள் அவை.

திருத்தம் 2.4.2 இல் வந்தது. முதலில் பதிப்பு எண்ணைச் சரிபார்த்தேன். பழைய கட்டமைப்பிலேயே சோதித்துவிட்டு "இன்னும் சரியாகவில்லை" என்று எழுதி மானம் போனவர்கள் உண்டு. பிறகு அதே ஏழு படிகள், அதே "123". விவரம் நின்றது. வகை காலியாக இருந்தது. அவர் விவரத்தை மட்டும் சேமித்திருக்கிறார், வகையை மறந்துவிட்டார். புது டிக்கெட் போடவில்லை. தலைப்பிலேயே மூன்றும் இருந்ததால் அதே டிக்கெட்டைத் திறந்து ஒரு வரி எழுதினேன்: "2.4.2 (242), படி 7க்குப் பின் விவரம் சரி, வகை இன்னும் காலி, 10க்கு 10."

2.4.3 இல் வகையும் நின்றது. உறுதியான வழியில் பத்து முறை, பிறகு 3 ஜிபி போனில் கேமராவோடு இயல்பான வழியில் இருபது முறை. முன்பு 10க்கு 6 வந்த இடத்தில், பத்து முறை வராததை மட்டும் நம்பி மூட எனக்கு மனம் வரவில்லை. இருபதிலும் வரவில்லை. `am kill` வழியிலும் பார்த்தேன், போட்டோ உட்பட எல்லாம் திரும்பி வந்தது. டிக்கெட்டை மூடிவிட்டு, இரண்டு போனிலும் `Don't keep activities` அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன்.